கவ்வாலி: வேகம் ஏறினால் பரவசம் வந்துவிடுமா?

யாழ்நரம்பு

எல்லோருக்கும் வணக்கம். உலக இசை வகுப்புக்காக சூஃபி குழுப்பாடல் பற்றி ஒரு கட்டுரை எழுதுகிறேன். கவ்வாலியை எடுத்துக்கொண்டேன். இதுவரை எழுதி வைத்திருப்பது இதுதான்: ஆர்மோனியத்தில் மெதுவாக ஆரம்பிக்கும், தாளமில்லாமல் கொஞ்சம் பாடுவார்கள், டோலக் சேரும், கைத்தட்டல் சேரும், வேகம் படிப்படியாக ஏறும், உச்சியில் கேட்பவர்களுக்குப் பரவசம். மலை ஏறுவது மாதிரி ஒரு படம்கூட வரைந்துவிட்டேன்.

இப்போது ஒரு சிக்கல். டெல்லி நிஜாமுத்தீன் தர்காவில் எடுத்த ஒரு காணொளி கிடைத்தது, 20 நிமிஷம். பாதிகூட ஆகவில்லை, ஒரு பெரியவர் எழுந்து நின்றுவிடுகிறார். அப்போது பாட்டில் பெரிய வேகம் எதுவும் இல்லை. பாடுகிறவர்களும் மேலே போகாமல் ஒரே வரியிலேயே நிற்கிறார்கள். எண்ணினேன், 31 தடவை. பாடகருக்கு அடுத்த வரி மறந்துவிட்டதோ என்றுதான் முதலில் நினைத்தேன். கடைசியில் நிஜமாகவே வேகமான பகுதி வருகிறது, அதில் ஒருவரும் அசையவில்லை. என் மலை தலைகீழாகிவிட்டது. விளக்க முடியுமா?

ஊத்துக்குளி ரசிகன்

சூஃபி என்றால் வெள்ளை அங்கி, உயரமான தொப்பி போட்டுக்கொண்டு சுற்றிச் சுற்றி ஆடுவார்களே அதுதானே? ஒரு கையை மேலே பார்த்தும் ஒரு கையைக் கீழே பார்த்தும் வைத்திருப்பார்கள். சுற்றச் சுற்றத் தலை கிறுகிறுத்துத்தான் பரவசம் வருகிறது என்று படித்திருக்கிறேன். உங்கள் பெரியவர் சுற்றினாரா?

யாழ்நரம்பு

இல்லைங்க. நீங்கள் சொல்வது துருக்கியில் கோனியா பக்கம் உள்ள மெவ்லவி மரபு. என் காணொளியில் யாரும் சுற்றவில்லை. பெரியவர் எழுந்து ஒரு கையை உயர்த்தி மெல்ல முன்னும் பின்னும் அசைகிறார், அவ்வளவுதான். இன்னொன்று சொல்ல மறந்துவிட்டேன். அவர் எழுந்ததும் சுற்றி இருந்தவர்களும் எழுந்துவிட்டார்கள்.

தனியாவர்த்தனம்

நான் மிருதங்கம். இதில் பெரிய புதிர் எதுவும் இல்லை என்று தோன்றுகிறது. தாளமில்லாமல் ஆரம்பத்தில் பாடுவது நம் விருத்தம். ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் பாடுவது நிரவல். நல்ல வித்வான் ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு அரைமணி நேரம் நிரவல் பண்ணுவதில்லையா? அதேதான். அப்புறம் அவர்களும் ஸ்வரம் பாடுகிறார்கள், நாமும் பாடுகிறோம். தாளம் பெரும்பாலும் எட்டு மாத்திரைக் கஹர்வா, சில சமயம் ஆறு மாத்திரை தாத்ரா. பரவசத்துக்குக் காரணம் அந்த டோலக்கும் கைத்தட்டலும்தான். வரியை எடுத்துவிட்டு வாசித்தாலும் ஆள் ஆடுவான்.

வாணியம்பாடி பாய்

யாழ்நரம்பு அம்மா, உங்கள் படத்தில் பாடகர் இருக்கிறார், டோலக் இருக்கிறது, கைத்தட்டல் இருக்கிறது. கேட்பவரைக் காணோம். அவரை வைக்காமல் படம் நிற்காது.

எங்கள் வீட்டில் உருதுதான். வேலைக்காக முப்பது வருஷம் ஹைதராபாத்தில் இருந்தேன். நாம்பள்ளி யூசுஃபைன் தர்காவில் உட்கார்ந்து கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

முதலில் உட்காரும் விதத்தைப் பாருங்கள். முன்வரிசையில் முதன்மைப் பாடகரும் ஆர்மோனியக்காரரும். பின்னால் டோலக்கும், கைதட்டிக் கூடப் பாடுகிறவர்களும். அவர்களுக்கு நேர் எதிரே சபைக்குத் தலைவரான ஷேக். நடுவில் ஒரு பாதை அளவுக்கு இடம் காலியாகக் கிடக்கும். காணிக்கை கொடுக்கிறவர் அதன் வழியாகத்தான் நடப்பார், பரவச நிலை வந்து எழுகிறவரும் அங்கேதான் வருவார். பாடகரின் கண் பாட்டு முழுக்க அந்தப் பக்கம்தான் இருக்கும்.

கவ்வாலிப் பாட்டுக்கு இவ்வளவு நேரம் என்று ஒரு கணக்கு இல்லை. உறுப்புகள்தான் முன்கூட்டியே முடிவானவை. ஆர்மோனியமும் டோலக்கும் தனியாக வாசிக்கும் நக்மா முதலில். பிறகு தாளத்தை நிறுத்திவிட்டு ஓர் ஈரடியைச் சொல்வது போல் பாடுவார்கள், இன்று எந்தப் பொருளில் போகிறோம் என்று காட்ட. அதன் பிறகுதான் பாட்டு. அதில் எந்த அடியை ஒரு தடவை பாடிவிட்டு நகர்வது, எதில் நிற்பது என்பதெல்லாம் எதிரே இருக்கிற முகங்களில் எழுதியிருக்கிறது.

ஒவ்வொரு செய்யுளும் இரண்டு அடி. முதல் அடி தொங்கிக்கொண்டே இருக்கும். இரண்டாம் அடியின் முடிவில் இயைபு வந்து விழும். கவ்வால் வேண்டுமென்றே முதல் அடியை மூன்று, நான்கு முறை பாடி இரண்டாவதைத் தராமல் வைத்திருப்பார். கடைசியில் தரும்போது இயைபுச் சொல்லைச் சபையே அவருக்கு முன்னால் சொல்லிவிடும். அந்த இடத்தில் யாராவது தலையை அசைக்கிறாரா, 'ஆஹா' என்கிறாரா, கண் கலங்குகிறதா என்று பார்த்துக்கொண்டே போவார். எதுவும் இல்லையென்றால் அடுத்த செய்யுள். எங்கே பட்டதோ அங்கே நிற்பார். அப்படி நின்று திரும்பப் பாடுவதற்குத் தக்ரார் என்று பேர். உங்கள் 31 அதுதான். பாடகர் எதையும் மறக்கவில்லை.

தம்பி தனியாவர்த்தனம், நிரவல் ஒப்புமை பாதி சரி. ஆனால் நிரவலுக்கு வரியைத் தேர்ந்தெடுப்பது வித்வான். பெரும்பாலும் மேடை ஏறும் முன்பே அது அவர் மனதில் இருக்கும். தக்ராரில் வரியைத் தேர்ந்தெடுப்பது கேட்பவர். அது எந்த வரி என்று பாட ஆரம்பிக்கும்போது கவ்வாலுக்கே தெரியாது. இன்னொன்று, நிரவலில் சொல் அதன் இடத்தில் இருக்க, சங்கதி மாறிக்கொண்டே போகும். நிலை வந்துவிட்ட பிறகு செய்யும் தக்ராரில் மெட்டைப் பெரிதாக மாற்ற மாட்டார்கள். வித்தை காட்டினால் கேட்பவருக்கு அந்த நிலை கலைந்துவிடும்.

கீழ்வேளூர் செல்வி

அருமை பாய். எங்கள் ஊரிலிருந்து நாகூர் பக்கம். சின்ன வயதில் கந்தூரிக்குப் போவோம். நாகூர் ஹனிபா பாட்டுகளும் கவ்வாலிதானே? அதற்கும் என் அம்மா கண்ணில் தண்ணீர் வரும்.

வாணியம்பாடி பாய்

கண்ணீர் கண்ணீர்தான் செல்வி அம்மா, அதைப் பிரித்துப் பார்க்க நான் யார். ஆனால் ஹனிபா பாய் பாடியது தமிழ் இஸ்லாமியப் பாடல். பல்லவி, சரணம் என்று கட்டி முடித்த பாட்டு. என்றைக்குப் பாடினாலும் அதே வரிசையில் ஒரே அளவில்தான் இருக்கும். கவ்வாலியில் பாட்டை நடுவில் திறந்து வேறு செய்யுளை உள்ளே நுழைப்பார்கள். அதற்கு கிரஹ் என்று பேர். முடிச்சு என்று அர்த்தம்.

ஓர் உதாரணம். அமீர் குஸ்ரோ பேரில் வழங்கும் 'சாப் திலக்' நிறையப் பேருக்குத் தெரிந்திருக்கும். கண்ணோடு கண் கலந்து என் அடையாளங்களையெல்லாம் பறித்துக்கொண்டாய் என்று, வட இந்தியப் பேச்சு மொழியில், ஒரு பெண் குரலில் போகும் பாட்டு. அந்த அடியைப் பாடிவிட்டு கவ்வால் நிறுத்துவார். நான் நீயானேன், நீ நானானாய் என்பது போல ஒரு பாரசீகச் செய்யுளை எடுத்துவிடுவார். அதைச் சொல்லி முடித்த கையோடு மறுபடி 'அடையாளங்களைப் பறித்துக்கொண்டாய்' என்று வந்து விழுவார். இப்போது அதே அடி வேறு அடி. காதலி பாடிக்கொண்டிருந்தது போய், தன் பேரையே இழந்த ஒருவன் பாடுகிறான். எந்த முடிச்சு எங்கே போடுவது என்பது சபையைப் பொறுத்தது. பாரசீகம் தெரிந்த நாலு பெரியவர்கள் உட்கார்ந்திருந்தால் ஒன்று, வெளியூர் யாத்திரிகர் கூட்டம் என்றால் இன்னொன்று. நல்ல கவ்வாலின் சொத்து அவர் தொண்டை பாதி, மனப்பாடம் பாதி.

தனியாவர்த்தனம்

சரி பாய், வரியைக் கேட்பவர் தேர்ந்தெடுக்கிறார் என்பதை ஏற்றுக்கொள்கிறேன். ஆனாலும் 31 தடவை எதற்கு? பட்டது என்றால் பட்டதுதானே. ஐந்தாறு தடவை பாடிவிட்டுப் போகலாமே.

வாணியம்பாடி பாய்

போகக்கூடாது. அது சபை ஒழுக்கம். ஒருவருக்கு எந்த அடியில் நிலை வந்ததோ, அவர் தானாக அடங்கும் வரை அந்த அடியை விடக்கூடாது. நிலைக்கு ஹால் என்று சொல்வோம். நடுவில் வரியை மாற்றுவது, ஆழத்தில் இறங்கியிருப்பவனின் கயிற்றை அறுப்பது மாதிரி என்பார்கள் பெரியவர்கள். அவர் எழுந்து நின்றால் ஷேக் எழுவார், ஷேக் எழுந்தால் சபை முழுக்க எழும். உங்கள் காணொளியில் மற்றவர்கள் எழுந்தது அதனால்தான். ஆளுக்கு ஆள் பரவசம் தொற்றிக்கொண்டது என்று கட்டுரையில் எழுதிவிடாதீர்கள். பாதிப்பேர் மரியாதைக்கு நிற்கிறவர்கள்.

இந்த ஒழுக்கத்துக்குப் பின்னால் ஒரு சம்பவம் இருக்கிறது. டெல்லி மெஹ்ரௌலியில் அடங்கியிருக்கும் குத்புத்தீன் பக்தியார் காக்கி, அஜ்மீர் க்வாஜாவின் சீடர். 1235-ல் ஸமா என்னும் இசை கேட்கும் சபை ஒன்றில் அஹ்மதெ ஜாம் எழுதிய பாரசீக ஈரடியைப் பாடினார்கள். சரணாகதி என்னும் கத்தியால் வெட்டுண்டவர்களுக்கு, மறைவிலிருந்து நொடிக்கு நொடி வேறோர் உயிர் கிடைக்கிறது என்பது பொருள். அதில் அவருக்கு நிலை வந்தது. நான்கு நாள் அதே ஈரடியைப் பாடினார்கள். தொழுகை நேரத்தில் மட்டும் தெளிந்து தொழுவார், மறுபடி அதே நிலை. அதிலேயே உயிர் போயிற்று. முதல் அடியைப் பாடினால் உடல் அடங்கும், இரண்டாம் அடியைப் பாடினால் உயிர் திரும்பும், கடைசியில் கவ்வால் முதல் அடியோடு நிறுத்தினார் என்றும் சொல்வார்கள்.

ஒலிநாடா

பழைய இசைத்தட்டு சேகரிக்கிறவன் நான். பாய் சொன்னதில் அந்தக் கடைசி வாக்கியம் பிற்காலத்தில் ஒட்டியது என்று நினைக்கிறேன். நிஜாமுத்தீன் அவுலியாவின் பேச்சுகளை அமீர் ஹசன் சிஜ்ஸி குறித்து வைத்தாரே, அந்தக் குறிப்புகள் ஆரம்பிப்பதே 1308-ல். காக்கி இறந்து எழுபது வருஷத்துக்கு மேல். அதற்கப்புறம் கதை சொல்லச் சொல்ல இன்னும் அழகாகியிருக்கும். ஆனால் யாழ்நரம்புக்கு அது நடந்ததா இல்லையா என்பது முக்கியமில்லை. இன்றைக்குப் பாடுகிற கவ்வால் அந்தக் கதையை மனதில் வைத்துக்கொண்டுதான் பாடுகிறார். அதனால்தான் 31.

வாணியம்பாடி பாய்

ஒப்புக்கொள்கிறேன். கேட்டதைக் கேட்ட மாதிரி சொன்னேன்.

கீழ்வேளூர் செல்வி

ஒரு சந்தேகம், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நடிக்கிறவர்கள் இருப்பார்களே? எங்கள் குலதெய்வக் கோயிலில் சாமி வந்து ஆடுகிறவர்களில் யாருக்கு நிஜமாக வந்தது, யார் மைத்துனனைத் திட்டுவதற்காக ஆடுகிறார் என்று ஊருக்கே தெரியும். இங்கே எப்படிக் கண்டுபிடிப்பது?

வாணியம்பாடி பாய்

நல்ல கேள்வி. இது ஆயிரம் வருஷத்துக் கேள்வி. இஸ்லாமிய அறிஞர் கஸ்ஸாலி இதைப் பற்றி எழுதியிருக்கிறார். தானாக வந்தது ஒன்று, வரவேண்டும் என்று ஆசைப்பட்டு வரவழைத்துக்கொள்வது இன்னொன்று. ஊருக்குக் காட்டுவதற்காகச் செய்தால் பாவம். ஆனால் நிஜமாக வராதா என்ற ஏக்கத்தில் செய்தால் குற்றமில்லை என்கிறார். குர்ஆன் ஓதும்போது அழுங்கள், அழுகை வராவிட்டால் அழ முயலுங்கள் என்று ஒரு நபிமொழி உண்டு, அதைத்தான் துணைக்கு எடுத்துக்கொள்கிறார். ஆக, நடிப்பு என்று ஒரே பெட்டியில் போட முடியாது.

சபையில் யாரும் யாரையும் சோதிக்க மாட்டார்கள். ஷேக் எழுந்தால் சரி, எழாவிட்டால் விஷயம் அங்கேயே முடிந்தது. இரண்டு பேர் அந்த ஆளைக் கைத்தாங்கலாக உட்காரவைத்துவிடுவார்கள்.

பாடகர் பக்கமும் பொய் இருக்கும், அதையும் சொல்ல வேண்டும். நஸ்ரானா என்று காணிக்கை கொடுப்பார்கள். ரூபாய் நோட்டை எடுத்துக்கொண்டு நேரே பாடகரிடம் போகக்கூடாது. ஷேக்கிடம் குனிந்து நீட்டி, அவர் தொட்ட பிறகே கவ்வாலிடம் போகும். கையில் நோட்டோடு ஒரு பணக்காரர் தலையை ஆட்டிக்கொண்டிருந்தால், அவர் தலையாட்டும் வரியில் நிற்க எந்தக் கவ்வாலுக்கும் ஆசை வரும். அவருக்கும் குடும்பம் இருக்கிறதே.

இரண்டையும் பிரித்தறிய நான் வைத்திருக்கும் கணக்கு இது. காசுக்காக நிற்கும்போது வரி முழுசாகவே இருக்கும், ஒவ்வொரு தடவையும் ஒரு புது அலங்காரம் சேரும். ஹாலுக்காக நிற்கும்போது வரி தேயும். முழு அடி, பிறகு பாதி அடி, பிறகு இரண்டு சொல், சில சமயம் ஒரே பெயர். ஆள் அடங்க ஆரம்பித்ததும் திரும்ப அதே படிகளில் விரியும். உங்கள் 31-ஐ அப்படிப் பிரித்துப் பாருங்கள் அம்மா.

ஊத்துக்குளி ரசிகன்

குறுக்கே பேசுகிறேன். ஏ.ஆர். ரஹ்மானின் 'குன் ஃபாயா குன்' நிஜாமுத்தீன் தர்காவில்தான் எடுத்தார்கள். அதைக் கேட்டாலே எனக்குப் புல்லரிக்கும். அதில் ஒரு வரியும் எனக்குப் புரியாது. அப்போது சொல்தான் காரணம் என்பது எப்படி?

ஒலிநாடா

ரசிகன் தெரியாமல் சரியான இடத்தில் கை வைத்துவிட்டார். பாய் சொல்லுக்கு அதிகப் பங்கு கொடுக்கிறார் என்பது என் எண்ணம். 1985-ல் நுஸ்ரத் ஃபதே அலி கான் இங்கிலாந்தில் மெர்சி தீவில் வோமாட் விழாவில் பாடினார். எதிரே இருந்தவர்களில் பெரும்பாலோருக்கு உருதும் தெரியாது, பஞ்சாபியும் தெரியாது. ஆனாலும் கூட்டம் கட்டுண்டு கிடந்தது. அங்கே எந்த இயைபு வேலை செய்தது? குரலும் ஸ்வர வரிசையும் தாளமும்தான்.

இன்னும் ஒன்று. 78 சுற்றுத் தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிஷம்தான். அதில் கவ்வாலி பதிந்தவர்கள் தக்ராரையும் கிரஹையும் வெட்டிவிட்டு, எடுப்பான மெட்டையும் நாலு செய்யுளையும் மட்டும் வைத்தார்கள். நெடுந்தட்டு வந்தபோது இருபது நிமிஷத்துக்கு மேல் கிடைத்தது. ஆனால் ஒலிப்பதிவுக் கூடத்தில் எதிரே யாரும் இல்லையே. யார் முகத்தைப் பார்த்து நிற்பது? அந்த இடத்தை நிரப்பத்தான் ஸ்வரக் கோர்வையும் ஏறும் வேகமும் வந்து உட்கார்ந்தன என்பது என் ஊகம். யாழ்நரம்பு வரைந்த மலை பொய்யில்லை. அது இசைத்தட்டிலும் மேடையிலும் உள்ள கவ்வாலியின் படம். 1990-ல் நுஸ்ரத்தின் 'மஸ்த் மஸ்த்' வந்து, அதை மாஸிவ் அட்டாக் குழு மறுகலவை செய்தபோது சொல் கிட்டத்தட்ட ஓசையாகவே ஆகிவிட்டது. அதற்கும் ஆடினார்கள்.

வாணியம்பாடி பாய்

ஆடினார்கள், மறுக்கவில்லை. ஆனால் ஆடுவதும் ஹாலும் ஒன்றா? மெர்சி தீவில் அத்தனை பேருக்கும் ஒரே நேரத்தில் உற்சாகம் வந்தது. தர்காவில் ஐம்பது பேர் இருக்கும் சபையில் ஒருவருக்கு, அதுவும் ஒரு குறிப்பிட்ட சொல்லில் வருகிறது. பக்கத்தில் இருப்பவருக்கு அதே டோலக், அதே குரல், ஒன்றும் ஆவதில்லை. ஒலிதான் காரணம் என்றால் ஏன் அவருக்கு மட்டும்?

ஒலிநாடா

ஒலி எல்லோரையும் தயார் பண்ணுகிறது, சொல் ஒருவரைத் தொடுகிறது என்று வைத்துக்கொள்ளலாமா?

வாணியம்பாடி பாய்

அப்படி வைத்தால் இரண்டு பேருக்கும் சமாதானம்தான். ஆனால் பாடும் சொல்லுக்கே பொருளில்லாத இடங்களும் உண்டு என்பதை நானே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நீங்கள் கேட்பீர்கள். சபையின் தொடக்கத்தில் பாடும் 'மன் குந்தோ மௌலா', கவ்வாலி என்ற பேருக்கே மூலமான கவுல் வகை. யாருக்கு நான் தலைவனோ அவருக்கு அலியும் தலைவர் என்ற நபிமொழி அதில் ஒரு வாக்கியம். அதைச் சுற்றி இருப்பதெல்லாம் தரானா அசைகள், நம் தில்லானாவில் வருவது மாதிரி. அந்த அசைகளில் நிலை வந்தவர்களையும் பார்த்திருக்கிறேன்.

தனியாவர்த்தனம்

பாருங்கள், தில்லானா! நான் முதலிலேயே சொன்னேன்.

கீழ்வேளூர் செல்வி

இத்தனை நேரமாக எல்லோரும் 'அவர் எழுந்தார், அவர் நின்றார்' என்கிறீர்கள். பெண்களுக்கு ஹால் வராதா? பெண்கள் பாடக்கூடாதா?

வாணியம்பாடி பாய்

வரும். திரைக்குப் பின்னால், ஓரத்தில் வரும். அவர்களுக்காகச் சபை எழுந்து நிற்பதை நான் பார்த்ததில்லை. பாடுவதைப் பொறுத்தவரை, நிஜாமுத்தீன் அவுலியா ஸமாவுக்கு நாலு நிபந்தனை சொல்லியிருக்கிறார். பாடுகிறவர் வளர்ந்த ஆணாக இருக்க வேண்டும், சிறுவனோ பெண்ணோ கூடாது. கேட்கிறவர் இறைவனை மறந்தவராக இருக்கக்கூடாது. பாடுவது கீழ்த்தரமாக இருக்கக்கூடாது. யாழ், ரபாப் போன்ற வாத்தியங்கள் கூடாது.

கீழ்வேளூர் செல்வி

வாத்தியம் கூடாதா? அப்புறம் அவர் வாசலிலேயே ஆர்மோனியம் வைத்து வாசிக்கிறார்களே!

வாணியம்பாடி பாய்

அதுதான். நாலாவது நிபந்தனையைத் தளர்த்திவிட்டோம், முதலாவதை இறுக்கிப் பிடித்துக்கொண்டோம். ஏன் என்று கேட்டால் என்னிடம் நல்ல பதில் இல்லை அம்மா. அவர் காலத்திலேயே ஸமாவே கூடாது என்று உலமாக்கள் கியாசுத்தீன் துக்ளக் அரசவைக்கு இழுத்தார்கள், அவரே போய் வாதாட வேண்டியிருந்தது. இன்று மேடையில் ஆபிதா பர்வீன் பாடினால் எல்லோரும் கண்ணீர் விடுகிறோம். தர்கா முற்றத்தில் மட்டும் பேச்சு வேறு.

தனியாவர்த்தனம்

ஆர்மோனியம் இந்தியாவுக்குள் வந்ததே 19-ஆம் நூற்றாண்டில்தானே. அதற்கு முன் சாரங்கி வைத்திருந்தார்கள் என்று கேள்வி. பாட்டுக்குப் பாட்டு சாரங்கிக்குச் சுருதி சேர்த்துக்கொண்டிருந்தால் சபையின் சூடு ஆறிவிடும். டோலக்கும் அப்படித்தான், தபலா மாதிரி சுத்தியல் எடுத்துத் தட்டிக்கொண்டிருக்க வேண்டாம், ஓசையும் தடிமன். இந்த வாத்தியங்கள் எல்லாமே நடுவில் நிறுத்தாமல் இருப்பதற்காகத் தேர்ந்தெடுத்தவை என்று தோன்றுகிறது.

வாணியம்பாடி பாய்

தம்பி, இது நீங்கள் சொன்னதிலேயே சிறந்தது.

யாழ்நரம்பு

இரண்டு நாள் ஆகிவிட்டது, மன்னிக்கவும். பாய் சொன்னபடி 31-ஐப் பிரித்துப் பார்த்தேன். முதல் 6 தடவை முழு அடி. ஆறாவதில் பெரியவர் எழுகிறார். அடுத்த 12 தடவை அடியின் பின்பாதி மட்டும். அதற்கு அடுத்த 9 தடவை ஒரே ஒரு சொல். பெரியவர் கையை இறக்கிய பிறகு மறுபடி 4 தடவை முழு அடி. அப்புறம்தான் அடுத்த செய்யுள். விரியும்போது பாதி அடி என்ற படி இல்லை, ஒரு சொல்லிலிருந்து நேராக முழு அடிக்குப் போய்விட்டார்கள். அலங்காரம் முதல் 6-ல் கொஞ்சம் இருக்கிறது. அதற்குப் பிறகு அறவே இல்லை.

தனியாவர்த்தனம் அண்ணாவுக்காகக் கைத்தட்டலையும் எண்ணினேன். ஆரம்பத்தில் நிமிஷத்துக்கு 84. ஒரு சொல் பாடும் கட்டத்தில் திடீரென்று 170 வந்தது. குழம்பிப் போனேன்.

தனியாவர்த்தனம்

குழப்பம் வேண்டாம். 84 இரண்டு மடங்கானால் 168. காலப்பிரமாணம் மாறவே இல்லை, ஒரு தட்டு இருந்த இடத்தில் இரண்டு தட்டுகிறார்கள். டோலக்கும் சொற்கட்டை இரட்டித்திருக்கும். கேட்பவருக்கு வேகம் கூடிய மாதிரி இருக்கும், ஆனால் பாட்டு ஓடாது. ஓடினால் பெரியவர் கால் தடுக்கிவிடும். அவர் உடம்பு அசைவது பழைய 84-க்குத்தானா என்று பாருங்கள்.

யாழ்நரம்பு

ஆமாம் அண்ணா, அவர் அசைவு மாறவில்லை. டோலக் வாசிக்கிறவர் இந்தப் பகுதி முழுக்கப் பாடகரைப் பார்க்கவே இல்லை. பெரியவரின் காலையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.

இன்னும் ஒன்று மட்டும் புரியவில்லை. கடைசியில் வரும் வேகமான பகுதியில் ஏன் யாரும் அசையவில்லை?

வாணியம்பாடி பாய்

பாங்கு நேரம் நெருங்கியிருக்கும். பாங்கு சொல்லிவிட்டால் பாட்டை நிறுத்தியாக வேண்டும். அதனால் கடைசிப் பாட்டை விறுவிறுவென்று முடிப்பார்கள், கேட்பவர்களும் எழுந்துபோகும் நினைப்பில் இருப்பார்கள். காணொளியின் முடிவில் பாங்கு கேட்கிறதா?

யாழ்நரம்பு

கடைசி சில வினாடியில் ஏதோ ஒலிபெருக்கிக் குரல் கேட்கிறது. பாங்கு மாதிரிதான் இருக்கிறது, உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

ஒலிநாடா

சுட்டியைத் தனிமடலில் அனுப்பியதற்கு நன்றி. கேட்டுப் பார்த்தேன். 14-ஆவது நிமிஷத்தில் ஆர்மோனியத்தின் சுருதி அரை ஸ்வரம் மாறுகிறது, கைத்தட்டலில் ஒரு வெட்டும் இருக்கிறது. அதற்குப் பிறகு முன்வரிசையில் அந்தப் பெரியவரே இல்லை. பதிவேற்றியவர் இரண்டு துண்டை ஒட்டியிருக்கிறார். வேகமான பகுதி வேறு நாளாகக்கூட இருக்கலாம்.

யாழ்நரம்பு

அய்யோ. அப்படியானால் கட்டுரையில் 14-ஆவது நிமிஷம் வரைதான் எடுத்துக்கொள்கிறேன். மலைப் படத்தை எடுத்துவிட்டு 6, 12, 9, 4 என்று ஒரு கோடு போட்டு, மேலே பாடகர், கீழே பெரியவர் என்று எழுதியிருக்கிறேன். டோலக்காரரை எங்கே வைப்பது என்று தெரியாமல் இப்போதைக்கு நடுவில் வைத்திருக்கிறேன்.